இடப்பக்கம்

திருமணம் முடிந்த பதினோராம் நாள், மறுவீட்டு விருந்துக்காக நாங்கள் இருவரும் திருச்செங்கோட்டில் உள்ள என் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தோம். அன்றிரவு எட்டரை மணிக்கு மின்சாரம் போயிற்று. எங்கள் தெருவில் மின்சாரம் போனால் விளக்குகளோடு சேர்ந்து நாற்பது ஐம்பது விசைத்தறிகளும் ஒரே நொடியில் நின்றுவிடும். தறிச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை; அது நிற்கும்போதுதான் விழுகிறது.

உள்ளே புழுக்கம் தாங்காமல் அவர் மொட்டை மாடிக்குப் போனார். "தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு நீயும் போ" என்று அம்மா என்னைப் பின்னாலேயே அனுப்பினாள். மாடியில் அம்மா பகலில் காயப்போட்ட கூழ் வற்றல், அப்பாவின் பழைய வேட்டியோடு ஒட்டிக்கொண்டு இன்னும் கிடந்தது. பாதி காய்ந்த வற்றலின் சீரக வாசனை காற்றில் இருந்தது. எதிரே மலை கறுத்து நின்றது. ஊர் முழுதும் இருட்டாகிவிட்டதால் கோயிலில் எரிந்த ஓரிரு விளக்குகள் வானத்திலிருந்து தொங்குவதுபோலத் தெரிந்தன.

அவர் கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல அவருக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

அந்த வழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. திருமணத்துக்கு மறுநாள் மலைக்குக் கூட்டிப்போனபோது, அர்த்தநாரீசுவரர் சந்நிதியில் என் அத்தை என் தோளைப் பிடித்து அவருக்கு இடப்பக்கமாக நிறுத்தினாள். "சாமியைப் பார், அம்மனுக்கு இடப்பாகத்தைத்தான் கொடுத்திருக்கிறார். இனிமேல் நின்றாலும் உட்கார்ந்தாலும் இதுதான் உன் இடம்" என்றாள். நான் அதை மனத்தில் இருத்திக்கொண்டேன். கோயிலில், பந்தியில், புகைப்படத்தில், இரவில் கட்டிலில், எங்கும் பிசகாமல் அவருடைய இடப்பக்கமாகவே இருந்தேன்.

அந்தப் பத்து நாட்களில் அவரைப் பற்றி நான் அறிந்துகொண்டது மிகக் குறைவு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளில் இருபது வயதிலிருந்தே வெளிமாநிலங்களில் வேலை பார்த்தவர். இப்போது அவருடைய சித்தப்பாவின் இரண்டு வண்டிகளுக்கும் ஊரிலிருந்தபடியே கணக்குப் பார்க்கிறார். இவை தரகர் சொன்னவை. கோபப்படாதவர், அதிகம் பேசாதவர் என்பது நானாகக் கண்டது. நான் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவர் பதில் சொல்வதில்லை, மீதிக்குச் சிரிப்பார். அன்று மதியம் பந்தியில்கூட, பெரியப்பா எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்து அவரிடம் தறித் தொழிலின் நசிவைப் பற்றி மனம் நொந்து பேசிக்கொண்டிருந்தபோது இவர் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்கு இலையிலிருந்து எழுந்துவிடலாம் போல இருந்தது.

ஆனால் என்னை உண்மையில் புண்படுத்தியது நான்காம் நாள் இரவு.

என் கழுத்தில் போட்டு அனுப்பிய இருபத்தைந்து பவுனில் ஏழு பவுன் ஆரம் என் சின்னம்மாவுடையது. மறுவீடு முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லி அப்பா வாங்கி வந்தது. "மாப்பிள்ளை வீட்டில் மெல்ல ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்" என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்த 'ஏதாவது' என் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒருவரோடு வாழ்நாள் முழுதும் இருக்கப்போகிறவள், முதல் வாரத்திலேயே அவரிடம் இரவல் நகையை மறைத்துக்கொண்டு படுத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நான்காம் நாள் இரவு, அவர் எனக்கு முதுகுகாட்டி வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தபோது, தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிந்ததால், இருட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு நெடுநேரம் பதில் இல்லை. பிறகு அவர் மெதுவாகத் திரும்பி, "இன்னும் தூங்கவில்லையா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியை ஏழு நாட்களாக நான் மென்றுகொண்டிருந்தேன். வெறுப்பில் கேட்டாரா, இது ஒரு பொருட்டே இல்லை என்று கேட்டாரா, அல்லது உன் குடும்பத்தின் தரம் தெரிந்துவிட்டது என்று கேட்டாரா என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக அர்த்தம் செய்துகொண்டேன்.

மாடியில் அவர் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "என்ன ஒரு அமைதி" என்றார். அவராக என்னிடம் பேச்சைத் தொடங்கியது அதுவே முதல் முறை.

"தறி நின்றுவிட்டதுங்க" என்றேன்.

"எனக்கு இப்படி இருந்தால்தான் நல்லது. சத்தம் இருந்தால் ஒன்றும் பிடிபடாது" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் மலையையே பார்த்தார். பிறகு, "மலர், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அம்மா வேண்டாம் என்றாள், தரகரும் வேண்டாம் என்றார், நானும் பேசாமல் இருந்துவிட்டேன்" என்றார்.

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வேறொரு பெண் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எனக்கு இடது காது கேட்காது."

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல், நீண்ட நாள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைப்போல முழுவதையும் சொன்னார். நான்கு வருடங்களுக்கு முன்பு ராய்ச்சூர்ப் பக்கம் ஒரு பருத்திக் காட்டில் இராத்திரி ஓட்டிக்கொண்டிருந்த துளை. அறுநூறு அடி இறங்கியும் தண்ணீர் இல்லாமல் புழுதியே வந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு ராடு இறக்கிப் பார்க்கச் சொல்லி, நிலத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். ஒரு ராடு இருபது அடி. இரண்டாவது ராடை மாட்டிக் காற்றைத் திறந்தபோது கம்ப்ரஸரிலிருந்து வரும் ஹோஸ் அவருடைய தலைக்குப் பக்கத்திலேயே பிய்த்துக்கொண்டது. ஹோஸ் மேலே படவில்லை. சத்தம் மட்டும்தான் பட்டது. செவிப்பறைக் கிழிசல் தானாகவே ஆறிவிட்டது. உள்ளே நரம்பு போய்விட்டது, இனி வராது என்று சேலத்தில் டாக்டர் சொல்லிவிட்டார்.

"தண்ணீர் வந்ததா?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "என்ன கேட்டாய்?" என்றார்.

அந்த நொடியில்தான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்முன் வந்தது. போன் பேசிக்கொண்டே கணக்கு எழுதும்போது, இடது கை சும்மா கிடக்க, போனை வலது தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு அவர் கோணலாக எழுதியது. பந்தியில் பெரியப்பா உட்கார்ந்திருந்தது எந்தப் பக்கம் என்பது. சந்நிதியில் அத்தை என்னைப் பிடித்து நிறுத்திய இடம். பத்து நாட்களாக நான் பேசியதெல்லாம் கேட்காத காதில் பேசியிருக்கிறேன்.

நான் எழுந்து, வற்றல் வேட்டியை மிதிக்காமல் சுற்றிப்போய் மறுபக்கம் உட்கார்ந்து, கேள்வியைத் திரும்பக் கேட்டேன்.

"வரவில்லை" என்றார். "அந்தப் பெரியவர் என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் அழுதுகொண்டே வந்தார். எனக்காக அழுதாரா துளைக்காக அழுதாரா தெரியாது."

அவர் குரல் கம்மியது. பிறகு, "இராத்திரி வலது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால் எல்லாமே அடங்கிவிடும். வண்டியில் இருந்த காலத்துச் சத்தமெல்லாம் அப்போதுதான் ஓயும். அதனால்தான் உனக்கு முதுகைக் காட்டிப் படுக்கிறேன். வேறு எதுவும் இல்லை. நீ தவறாக நினைத்திருப்பாய்" என்றார்.

நினைத்தேன்தான். ஆனால் அப்போது என் மனத்தில் ஓடியது அது மட்டுமில்லை, ஒளிக்காமல் எழுதுகிறேன். நான்காம் நாள் இரவு நான் சொன்ன ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை. அப்படியென்றால் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஆரத்தைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு, பழுது பார்க்கத் தந்திருக்கிறோம் என்றோ, வங்கி லாக்கரில் இருக்கிறது என்றோ, அம்மா சொன்ன அந்த 'ஏதாவது' ஒன்றை இப்போதும் சொல்லிவிடலாம். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியும், அவருக்குத் தெரியாது என்ற வசதியும் ஒன்றாக என் கையில் கிடைத்திருந்தன. அரை நிமிடம் இருக்கும்; அந்த வசதியின் மேல் எனக்கு ஆசை வந்தது.

"நான்காம் நாள் இராத்திரி உங்களிடம் ஒன்று சொன்னேன்" என்று ஆரம்பித்தேன்.

"ஏதோ முனகல் மாதிரி இருந்தது. தூக்கத்தில் பேசுகிறாயோ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்."

இரண்டாம் முறை சொல்வது கடினமாக இருந்தது. முதல் முறை முதுகைப் பார்த்துச் சொன்னேன். இப்போது அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் முறை ஆரத்தோடு நிறுத்திக்கொண்டேன். இம்முறை, கல்யாணச் செலவுக்காக அப்பா எட்டுத் தறிகளில் இரண்டைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டதையும், அந்த இரண்டு தறிகளும் நின்ற இடத்தில் இப்போது நூல் மூட்டைகளை அடுக்கி மறைத்திருப்பதையும், காலையில் அவருக்குப் பட்டறையைச் சுற்றிக் காட்டியபோது அப்பா அந்த மூலைக்கு மட்டும் போகாததையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் உடனே ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த சொம்பை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "மூட்டைக்குக் கீழே தரையில் போல்ட் அடித்த குழிகள் இருந்தன. பார்த்தேன்" என்றார்.

"தெரிந்துமா பேசாமல் இருந்தீர்கள்?"

"நானே ஒன்றை மறைத்துக்கொண்டு நிற்கிறபோது அவரை என்ன கேட்பது?"

பிறகு, ஆரத்தை நாளைக் காலையில் இருவருமாகவே போய்ச் சின்னம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்றார். தன் அம்மா கேட்டால் பதில் சொல்வது தன் பொறுப்பு என்றார். அம்மா லேசில் விடமாட்டாள், ஒரு மாதமாவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பாள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். காது விஷயத்தை என் அப்பாவிடம் யார் சொல்வது என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பயமாக இருக்கிறது" என்றார். எனக்கு அவரை முதன்முதலாக மிகவும் பிடித்துப்போனது அப்போதுதான்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மின்சாரம் வந்துவிட்டது. தெருவிளக்கு எரிந்தது, கீழேயும் பக்கத்திலும் எதிரிலும் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது, சொல் வரவில்லை.

"கேட்கவில்லைங்க, திரும்பச் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் குனிந்து, என் காதுக்கு அருகில் வந்து சொன்னார். "பசிக்கிறது. மதியம் உங்கள் அத்தை ஒவ்வொரு முறையும் இடப்பக்கமாக வந்து போதுமா போதுமா என்று கேட்டிருக்கிறார் போல. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டேன்."

கீழே அம்மா சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலோடு மூடி வைத்திருந்தாள். நான் சொம்பை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினேன்.