அத்தியாயம் 5: கலந்துரையாடல் – வாவியோரக் கிணறுகளில் உவர்ப்புக் குறைந்திருந்தமை

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வாவியை நெருங்க நெருங்கக் கிணற்று நீரின் உவர்ப்பைக் குறிக்கும் மின்கடத்துதிறன் கூடும் என்பதே ஆய்வு முன்மொழிவில் எழுதிய கருதுகோள். பெறுபேறு அதற்கு நேர்மாறாக வந்துள்ளது. வாவிக்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் இருந்த 16 கிணறுகளின் இடையம் 690 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ.; 800 மீற்றருக்கு அப்பால், வட்டை எனப்படும் வயல்வெளிப் பக்கமாக இருந்த 14 கிணறுகளில் அது 1,180. மொத்தம் 46 கிணறுகளுக்கும் தூரத்துக்கும் மின்கடத்துதிறனுக்குமான ஸ்பியர்மன் இணைபுக் குணகம் +0.38 (95% நம்பிக்கை இடைவெளி 0.10 – 0.60). நான் எதிர்பார்த்தது மறைக்குறி. கருதுகோள் இத்தரவால் ஆதரிக்கப்படவில்லை. முதலாம் அத்தியாயத்தில் அதன் வாசகத்தை மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

முதலில் அளவீட்டையே சந்தேகித்தேன். கருவி ஒவ்வொரு நாள் காலையிலும் 1,413 மைக்ரோசீமன்ஸ் நியமக் கரைசலில் சரிபார்க்கப்பட்டது. இரு ஓரங்களிலும் எழுமாற்றாகத் தெரிந்த கிணறுகளை வேறொரு கருவியால் மீண்டும் அளந்தபோதும் திசை மாறவில்லை. தரவுப் பதிவில் தூர நிரல் தலைகீழாகிவிட்டதா என்பதையும் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. ஆகவே இதை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்க முடியாது.

இனி விளக்கம். உள்ளே போகப் போக வயல். சிறுபோகத்தில் யூரியாவும் மற்றப் பசளைகளும் இடப்படுகின்றன. அவற்றின் உப்புகள் நிலத்தடி நீரில் சேர்கின்றன. கரையோர மணலிலோ மழைநீர் இலகுவாக இறங்கி உவர்ப்பை ஐதாக்குகிறது. இந்த வாதம் அழகாகப் பொருந்துகிறது, வாசிப்பவருக்கும் நம்பத் தோன்றும். ஆனால் பெறுபேற்றைப் பார்த்த பிறகுதான் இது எனக்குத் தோன்றியது. மறுதிசையில் வந்திருந்தால் வாவி நீர் உள்நுழைவதாக அதே உறுதியோடு எழுதியிருப்பேன். நைத்திரேற்றையோ குளோரைட்டையோ நான் அளக்கவில்லை, மண் மாதிரியும் எடுக்கவில்லை. மின்கடத்துதிறன் கரைந்துள்ள அயன்களின் மொத்தத்தையே காட்டும். அவை பசளையிலிருந்தா, வாவியிலிருந்தா, பாறையிலிருந்தா வந்தன என்று அது சொல்லாது. எனவே பசளை விளக்கத்தை இவ்வாய்வின் முடிவாக முன்வைக்கவில்லை.

இதைவிட என்னை உறுத்துவது மாதிரித் தெரிவு. பாவனையில் உள்ள கிணறுகளை மட்டுமே சேர்ப்பது என்று மூன்றாம் அத்தியாயத்தில் வரையறுத்திருந்தேன். கரையோர வீடொன்றில் தகரத்தால் மூடிக் கல் வைத்திருந்த கட்டுக்கிணற்றைப் பற்றிக் கேட்டபோது, “அது உப்பாப் போயிற்று புள்ள, இப்ப பவுசர்த் தண்ணிதான்” என்றார் அவ்வீட்டு அம்மா. அந்தக் கிணறு என் அட்டவணையில் இல்லை. வாவிப் பக்கத்தில் உவரான கிணறுகள் கைவிடப்பட்டு நல்ல தண்ணீர்க் கிணறுகள் மட்டும் மிஞ்சியிருந்தால், நான் கண்ட போக்கு அந்தத் தெரிவினாலேயே தோன்றியிருக்கலாம். இப்படிக் கைவிடப்பட்டவை எத்தனை என்று நான் எண்ணவில்லை. ஒரு வீட்டாரின் கூற்றை வைத்து இதையும் முடிவாக்க மாட்டேன். மூடிய கிணறுகள் வயற்புறத்திலும் இருக்கக்கூடும்.

திட்டத்தில் இல்லாத ஒரு பகுப்பாய்வையும் செய்தேன். கிணற்றின் ஆழத்தைக் கட்டுப்படுத்தியபோது குணகம் 0.27 ஆகக் குறைந்தது. அதன் நம்பிக்கை இடைவெளி பூச்சியத்தை உள்ளடக்குகிறது. கிணற்றின் வயது, கழிவறைக்கான தூரம் என்பவற்றாலும் பிரித்துப் பார்த்தேன். அவற்றால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மூன்றையும் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆழத்தை மட்டும் எடுத்துச் சொன்னால், முதலிலிருந்தே அதைத்தான் தேடியது போல் ஆகிவிடும். ஆழம் பற்றிய இந்த அவதானம் அடுத்த ஆய்வுக்கான கேள்வி மட்டுமே.

அளவீடுகள் அனைத்தும் ஓகஸ்ட் மாத வரட்சியில் எடுக்கப்பட்டவை. வடகீழ்ப் பருவமழைக்குப் பின்னர் நிலத்தடி நீர்மட்டமும் வாவியின் உவர்ப்பும் மாறிவிடும். அக்காலத்துக்கு இப்பெறுபேற்றை நீட்டிப் பொருத்த முடியாது. வாவியோரக் கிணறுகள் குடிக்க உகந்தவை என்றும் இதிலிருந்து யாரும் பொருள்கொள்ளக் கூடாது. நுண்ணுயிர்ப் பரிசோதனை எதுவும் செய்யப்படவில்லை.

மாசி மாதத்தில் தொடங்கவுள்ள இரண்டாம் கட்டத்துக்கான எதிர்வுகூறல்களை, அளப்பதற்கு முன்பே எழுதி மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்துள்ளேன். பசளை விளக்கம் சரியானால் வயற்புறக் கிணறுகளில் நைத்திரேற்று உயர்ந்திருக்க வேண்டும். தெரிவுச் சாய்வு காரணமானால், மூடிய கிணறுகளையும் சேர்த்து அளக்கும்போது நேர்க்குறி இணைபு மறைய வேண்டும் அல்லது மறைக்குறியாக வேண்டும். இரண்டும் நிகழாவிட்டால் என்னிடம் வேறு விளக்கம் இல்லை என்பதும் அந்தத் தாளில் எழுதப்பட்டுள்ளது.