ஆய்வேட்டைத் திரும்பப் பெறும் விண்ணப்பமும் தேர்வாளர்களுக்கான குறிப்பும்

தொண்டி,
09.02.2026

பெறுநர்: தேர்வாணையர் அவர்கள்
வழி: ஆய்வு நெறியாளர், துறைத் தலைவர்

பொருள்: 12.01.2026 அன்று அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டை மதிப்பீட்டுக்கு முன் திரும்பப் பெறுதல் – பதிவு எண் 2021/கடல்/17.

மதிப்பிற்குரிய ஐயா,

"பாக் விரிகுடாக் கடற்புல்வெளிகளின் உயிர்நிறை: தொண்டி, தேவிபட்டினம், மண்டபம்" என்ற என் ஆய்வேட்டில் கணக்குப் பிழை இருப்பதை 05.02.2026 அன்று கண்டேன். மதிப்பீட்டறிக்கை எதுவும் வரவில்லை என்று தங்கள் அலுவலகத்தில் இன்று காலை கேட்டறிந்தேன். ஆகவே ஆய்வேட்டைத் திரும்பப் பெற அனுமதிக்க வேண்டுகிறேன்.

மாதிரி எடுத்தது 50 செ.மீ. சதுரச் சட்டத்தால். அதன் பரப்பு 0.25 ச.மீ.; உலர் எடையை 4 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான அளவு கிடைக்கும். 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்டபத்தில் வாடைக் காற்றில் கடல் கலங்கியதால் 25 செ.மீ. சட்டம் பயன்பட்டது. அதற்கு 16 ஆல் பெருக்கியிருக்க வேண்டும். களக்குறிப்பேட்டில் சட்ட மாற்றம் பதிவாகியுள்ளது. கணக்குத் தாளில் 4 அப்படியே நின்றுவிட்டது. மொத்தம் 216 மாதிரிகளில் இந்த 18 மட்டும் உண்மை அளவில் நாலில் ஒரு பங்காகக் காட்டப்பட்டுள்ளன.

எண்ணிக்கை சிறிது, விளைவு பெரிது. மழைக்காலத்தில் மண்டபத்தில் புல் குறைகிறது என்ற ஐந்தாம் இயலின் முடிவு இந்த 18 மாதிரிகளின் மேல்தான் நிற்கிறது. கடற்பசு மேயும் நிலத்தைப் பற்றிய முடிவு தவறாகப் பதிவாகக் கூடாது. பிழைதிருத்தத் தாள் ஒட்டினால் போதாது: அட்டவணைகள் 4.3, 4.4, மாறுபாட்டுப் பகுப்பாய்வு, ஐந்தாம் இயல் அனைத்தும் மாறும். 16 ஆல் பெருக்குவதோடும் வேலை முடியாது. சிறிய சட்டத்தில் விளிம்பில் வரும் தண்டுகளைச் சேர்ப்பதா விடுவதா என்ற பிழையின் பங்கு கூடும். திட்டுத் திட்டாக வளரும் புல்லில் மாதிரிக்கு மாதிரி ஏற்ற இறக்கமும் மிகும். அந்த மூன்று மாதங்களைத் தனியாகப் பகுக்க வேண்டும். உலர் எடைப் பதிவுகள் முழுமையாக உள்ளதால் மறு களப்பணி தேவையில்லை.

வேண்டுவன:
1. இணைப்பிலுள்ள குறிப்பைப் புறத்தேர்வாளர் இருவருக்கும் தங்கள் அலுவலகமே அனுப்ப வேண்டும். அவர்கள் யாரென எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.
2. அச்சுப்படிகள் நான்கையும் குறுந்தகட்டையும் திருப்பித் தர வேண்டும்.
3. 31.07.2026க்குள் மறுபடி சமர்ப்பிக்க அனுமதியும், அதற்குரிய கட்டண விவரமும் வேண்டும். ஆறாண்டுக் காலவரம்பு 2027 ஜூலையில்தான் முடிகிறது.
4. ஆய்வேட்டின் தலைப்பு மாறாததால் பழைய ஆய்வுச் சுருக்கம் போதுமா, திருத்தியது வேண்டுமா என எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கருத்துத் திருட்டுச் சோதனைச் சான்றும் நெறியாளர் சான்றும் பழைய படிக்கு உரியவை. புதியவை மறுசமர்ப்பிப்பில் இணைக்கப்படும்.

பணிவுடன்,
முழுநேர ஆய்வாளர், கடல் உயிரியல் துறை

இணைப்பு: தேர்வாளர்களுக்கான குறிப்பு

மதிப்பிற்குரிய தேர்வாளர் அவர்களுக்கு,

தங்களுக்கு அனுப்பப்பட்ட ஆய்வேடு (பதிவு எண் 2021/கடல்/17) ஆய்வாளராலேயே திரும்பப் பெறப்படுகிறது. நான்காம் இயலில் 18 மாதிரிகளின் பெருக்கெண் தவறு. ஐந்தாம் இயலின் முடிவு அதனால் செல்லாது. வாசிப்பை இத்துடன் நிறுத்தி, அச்சுப்படியைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பி, மின்படியை அழித்துவிட வேண்டுகிறேன். பாதி எழுதிய அறிக்கை இருந்தால் அனுப்ப வேண்டாம். திருத்திய ஏடு புதிதாக மதிப்பிடப்பட வேண்டும். தாங்கள் இதற்குச் செலவிட்ட நேரத்துக்கு மனமார்ந்த வருத்தமும் நன்றியும்.