கால், 0.25, 25%: மூன்றும் ஒன்றுதான்

காய்கறிக் கடையில் கால் கிலோ பீன்ஸ் கேட்கிறோம். எலக்ட்ரானிக் தராசு 0.250 என்று காட்டுகிறது. துணிக்கடையில் விலையில் கால் பங்கைக் குறைத்தால் 25% தள்ளுபடி என்று எழுதி வைக்கிறார்கள். பின்னம், தசமம், சதவீதம் என்று பெயர்தான் வேறு, அளவு ஒன்றே.

பின்னத்தைத் தசமமாக்க, மேலே இருக்கும் எண்ணைக் கீழே இருக்கும் எண்ணால் வகுத்தால் போதும். முக்கால் என்பது 3/4; 3 ÷ 4 = 0.75. அதை 100-ஆல் பெருக்கினால் சதவீதம்: 75%. பெருக்கக்கூட வேண்டாம், புள்ளியை இரண்டு இடம் வலப்பக்கம் தள்ளினால் சரி.

இதை நகைக்கடையில் நன்றாகப் பார்க்கலாம். சுத்தத் தங்கம் 24 காரட். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. 22 ÷ 24 = 0.91666... என்று போய்க்கொண்டே இருக்கும். சதவீதத்தில் ஏறக்குறைய 91.67. நகையில் 916 என்று பொறித்திருப்பது இந்தக் கணக்குதான், ஆயிரம் பங்குக்கு 916. 18 காரட் நகையில் ஏன் 750 என்று இருக்கிறது? 18/24-ஐச் சுருக்கினால் 3/4, அதாவது 0.750. 916 நகை ஒரு பவுன், அதாவது 8 கிராம், வாங்கினால் அதில் உள்ள சுத்தத் தங்கம் 8 × 0.916 = 7.328 கிராம்.

அப்புறம் பில். தங்கத்துக்கு ஜிஎஸ்டி 3%. சதவீதத்தைத் தசமமாக்க 100-ஆல் வகுக்க வேண்டும், புள்ளி இடப்பக்கம் இரண்டு இடம் நகரும்: 0.03. ரூ.60,000-க்கு வரி 60,000 × 0.03 = ரூ.1,800. பலரும் சறுக்குவது இங்கேதான். 0.3 என்று போட்டால் ரூ.18,000 வந்துவிடும்!

தசமத்தைப் பின்னமாக்க, புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கமோ 1-க்குப் பின்னால் அத்தனை பூஜ்யம் போட்டுக் கீழே எழுதுங்கள். 0.35 = 35/100, சுருக்கினால் 7/20. சதவீதமும் அப்படியே: 12.5% = 12.5/100 = 125/1000 = 1/8, நம் அரைக்கால்.

மூன்றில் ஒன்று மட்டும் கொஞ்சம் தொல்லை. 1 ÷ 3 = 0.333... முடியவே முடியாது. ரூ.9,000 வாடகையை மூன்று பேர் ஆளுக்கு 33% என்று பிரித்தால் 2,970 வீதம் 8,910-தான் சேரும், ரூ.90 துண்டு விழும். இந்த மாதிரி இடத்தில் பின்னத்தையே வைத்துக்கொண்டு 9,000 ÷ 3 என்று போடுவதே நல்லது.

கைமாற்றுக் கடனில் "நூற்றுக்கு இரண்டு வட்டி" என்றால் மாதத்துக்கு 2/100, அதாவது 0.02. ரூ.50,000-க்கு மாதம் ரூ.1,000. வங்கி 11% வட்டி என்று சொன்னால் அது ஆண்டுக்கு. இந்த இரண்டு வட்டியை 12 மாதத்துக்குப் பெருக்கினால் 24%.