தாராவி ஹெல்த் போஸ்ட்: பாப்பாவின் 14 வார ஊசிக்கான குறுஞ்செய்திகள்

சனி, காலை 10 மணி
வணக்கம் அம்மா. உங்கள் பாப்பாவுக்கு 14 வாரம் ஆகிறது. வரும் புதன், 12ம் தேதி ஊசி. காலை 10 மணிக்கு வாங்க. இடம்: 90 அடி ரோடு ஹெல்த் போஸ்ட். காசு வேண்டாம்.

செவ்வாய், மாலை 6 மணி
நாளை பாப்பாவுக்கு ஊசி. மூன்று ஊசி, இரண்டு சொட்டு மருந்து. எல்லாம் ஒரே நாளில் போடலாம், பயப்பட வேண்டாம். ஊசி அட்டையை எடுத்து வாங்க. அட்டை தொலைந்தாலும் வாங்க.

புதன், காலை 8 மணி
இன்று 10 மணிக்கு ஊசி. லேசான சளி இருந்தாலும் வரலாம். தாய்ப்பால் கொடுக்கலாம்.

புதன், மதியம் 2 மணி (ஊசி போட்டவர்களுக்கு)
இன்று காய்ச்சல் வரலாம். ஊசி போட்ட இடம் வீங்கலாம். தேய்க்காதீங்க, எதுவும் தடவாதீங்க. நர்ஸ் சொன்ன அளவு மட்டும் மருந்து கொடுங்க. வலிப்பு வந்தால், மூச்சு திணறினால் உடனே 108.

வியாழன், காலை 10 மணி (வராதவர்களுக்கு)
நேற்று நீங்கள் வரவில்லை. பரவாயில்லை, யாரும் திட்ட மாட்டார்கள். வரும் சனி, 15ம் தேதி காலை 10 மணிக்கு வாங்க. வேலைக்குப் போகிறீர்களா? பாட்டியோ அப்பாவோ கூட்டி வரலாம்.