ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல்: வினாத்தாள், வரைவு 2

(அக்கா, சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் உங்களுக்கானவை, தாளில் வரக் கூடாது. மூன்று பள்ளிகளுக்கும் இந்தத் தாள்தான் போகிறது. அதனால் மேலே பள்ளிப் பெயர் வேண்டாம்.)

[ஏ4 தாள், இடமும் வலமும் 2 செ.மீ. மார்ஜின். மதிப்பெண் எல்லாம் வலது ஓரத்தில் ஒரே கோட்டில் முடிய வேண்டும். ரூலரில் 17 செ.மீ.யில் வலது டேப் ஒன்று வைத்து, வினா முடிந்ததும் டேப் ஒருமுறை தட்டினால் போதும். ஸ்பேஸ் தட்டித் தள்ள வேண்டாம். போன தேர்வில் ஸ்பேஸ் தட்டித்தான் வைத்திருந்தோம். அச்சடித்த கணினியில் எழுத்துரு வேறாக இருந்ததால் மதிப்பெண்கள் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டன. 16ஆம் வினாவின் 5, 17ஆம் வினாவின் தலைக்கு மேல் போய் உட்கார்ந்தது. நன்றாகப் படிக்கிற ஒரு பெண் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, ஐந்து மதிப்பெண் வினாவை இரண்டே வரியில் முடித்திருந்தாள். விடைத்தாளைத் திருத்தும்போது கை வரவில்லை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.]

இரண்டாம் இடைப்பருவத் தேர்வு
வகுப்பு: 9               பாடம்: சமூக அறிவியல்
நேரம்: 1.30 மணி               மொத்த மதிப்பெண்கள்: 50

குறிப்பு: வினாக்களை முழுமையாகப் படித்துவிட்டு விடை எழுதுக. வினா எண்ணைச் சரியாகக் குறிப்பிடுக.

பகுதி – அ
சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.               8 × 1 = 8

[இங்கே பகுதித் தலைப்பின் வலது ஓரத்தில் மட்டும் மதிப்பெண். ஒவ்வொரு வினாவிலும் 1 என்று போட வேண்டாம். விடைகள் நான்கும் ஒரே வரியில் அடங்கினால் ஒரே வரி, இல்லாவிட்டால் இரண்டிரண்டாக.]

1. காவிரி பிறக்கும் தலைக்காவிரி எந்த மாவட்டத்தில் உள்ளது?
அ) மைசூரு   ஆ) குடகு   இ) ஹாசன்   ஈ) மாண்டியா

2. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம்
அ) 90 அடி   ஆ) 105 அடி   இ) 120 அடி   ஈ) 142 அடி

3. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் ஆறு
அ) வெண்ணாறு   ஆ) குடமுருட்டி   இ) கொள்ளிடம்   ஈ) அரசலாறு

4. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியவர்
அ) விசயாலயன்   ஆ) முதலாம் இராஜராஜன்   இ) முதலாம் இராஜேந்திரன்   ஈ) முதலாம் குலோத்துங்கன்

5. குடவோலை முறையைக் கூறும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் யாருடைய காலத்தவை?
அ) முதலாம் ஆதித்தன்   ஆ) முதலாம் பராந்தகன்   இ) முதலாம் இராஜராஜன்   ஈ) மூன்றாம் இராஜராஜன்

6. 73ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட அட்டவணை
அ) ஒன்பதாம்   ஆ) பத்தாம்   இ) பதினொன்றாம்   ஈ) பன்னிரண்டாம்

7. காவிரியின் துணையாறு அல்லாதது
அ) பவானி   ஆ) நொய்யல்   இ) அமராவதி   ஈ) வைகை

8. மேட்டூர் அணை பாசனத்துக்காக மரபாகத் திறக்கப்படும் நாள்
அ) மே 1   ஆ) ஜூன் 12   இ) ஆகஸ்ட் 15   ஈ) அக்டோபர் 2

[8இல் 'மரபாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். 2022இல் மே மாதமே திறந்துவிட்டார்கள். அதைச் சொல்லி ஒரு பிள்ளை கேட்டால் நமக்குப் பதில் இருக்க வேண்டும்.]

பகுதி – ஆ
எவையேனும் ஐந்து வினாக்களுக்குச் சுருக்கமாக விடை எழுதுக.               5 × 2 = 10

9. வடிநிலம் என்றால் என்ன?

10. குறுவை, சம்பா – வேறுபடுத்துக.

11. சோழர் கால ஊர்ச் சபையில் ஏரி வாரியம் செய்த பணி யாது?

12. கிராம சபையின் உறுப்பினர்கள் யார்?

13. 'சோழகங்கம்' என்னும் ஏரியை வெட்டியவர் யார்? அதற்கு ஏன் அப்பெயர் வந்தது?

14. வயலுக்குள் கடல்நீர் புகுந்தால் நெற்பயிருக்கு என்ன நேரும்?

பகுதி – இ
எவையேனும் மூன்று வினாக்களுக்கு விரிவாக விடை எழுதுக.               3 × 5 = 15

[இங்கே வினா ஒவ்வொன்றுக்கும் பிரிப்பு வலது ஓரத்தில் வர வேண்டும். வினா இரண்டாம் வரிக்குப் போனால் மதிப்பெண் கடைசி வரியின் ஓரத்தில்தான், முதல் வரியில் அல்ல. இரண்டாம் வரி வினா எண்ணுக்குக் கீழே வராமல், எழுத்து தொடங்கிய இடத்துக்கு நேராக வரட்டும்.]

15. குடவோலை முறையில் உறுப்பினர்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர்? யார் யார் தகுதி இழந்தவர்களாகக் கருதப்பட்டனர்?               (3 + 2)

16. கல்லணை ஆற்று நீரைத் தேக்கி வைப்பதற்காக அன்றி, பிரித்துவிடுவதற்காகவே அமைந்தது. விளக்குக. மேட்டூர் அணையிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?               (3 + 2)

17. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலிருந்து முதலாம் இராஜராஜனின் ஆட்சி பற்றி அறியக்கூடிய செய்திகளைத் தொகுத்து எழுதுக.               (5)

18. 73ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்குப் பின் ஊராட்சிகளில் ஏற்பட்ட மாற்றங்கள் யாவை? உங்கள் ஊராட்சியில் நீங்கள் கண்ட ஒரு பணியையும் குறிப்பிடுக.               (4 + 1)

[18இன் கடைசி வரியை எடுத்துவிடலாம் என்று போன வாரம் கூட்டத்தில் சொன்னார்கள். நான் வைத்தே இருக்கிறேன். தெருக்குழாயையும் தெருவிளக்கையும் பற்றி எழுத எல்லாப் பிள்ளைகளாலும் முடியும். மனப்பாடம் வராத பிள்ளைக்குக் கிடைக்கிற ஒரு மதிப்பெண் அது.]

பகுதி – ஈ
பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடை எழுதுக.               7

19. காவிரி நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பு அளித்தது. ஆண்டுக்கு 740 டி.எம்.சி. நீர் கிடைக்கும் என்று கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என ஒதுக்கியது. மீதி நீர் சுற்றுச்சூழலுக்காகவும், தவிர்க்க முடியாமல் கடலுக்குச் செல்வதற்காகவும் விடப்பட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டி.எம்.சி. ஆகக் குறைத்து, கர்நாடகத்தின் பங்கை 284.75 டி.எம்.சி. ஆக உயர்த்தியது.

அ) நடுவர் மன்றம் நான்கு பகுதிகளுக்கும் ஒதுக்கிய நீரின் கூட்டுத்தொகை யாது?               2

ஆ) பங்கிட்டது போக மீதி எவ்வளவு? அது எவற்றுக்காக விடப்பட்டது?               2

இ) 2018இல் தமிழ்நாட்டின் பங்கில் குறைந்த அளவு எவ்வளவு? கர்நாடகத்துக்குக் கூடிய அளவோடு ஒப்பிட்டு நீங்கள் அறிவது என்ன?               3

[பத்தியைச் சுற்றி மெல்லிய கட்டம் போடுங்கள். கட்டத்துக்குள் டேப் வேண்டாம். அ, ஆ, இ மூன்றும் கட்டத்துக்கு வெளியே, அவற்றின் 2, 2, 3 மேலே உள்ள 7க்கு நேர் கீழே நிற்க வேண்டும். எண்களை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 404.25இல் புள்ளி விட்டுப்போனால் கணக்கே தப்பிவிடும்.]

பகுதி – உ
தமிழ்நாட்டு நிலவரைபடத்தில் குறிக்க.               10 × 1 = 10

20. காவிரி ஆறு, கொள்ளிடம், பவானி ஆறு, மேட்டூர் அணை, கல்லணை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், உத்திரமேரூர், பூம்புகார்.

[பகுதிகளின் வலது ஓரத்தைக் கூட்டிப் பார்த்தேன்: 8 + 10 + 15 + 7 + 10 = 50. சரியாக இருக்கிறது. தட்டச்சு முடிந்ததும் நீங்களும் அந்த ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே ஒருமுறை பாருங்கள். வரைபடத் தாளைத் தனியாக அச்சடித்து, பெயர் எழுத இடம் விட்டு, விடைத்தாளோடு கட்டச் சொல்ல வேண்டும். அனுப்பும்போது வேர்டு கோப்போடு பி.டி.எப். ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள், மற்ற இரண்டு பள்ளிகளிலும் பி.டி.எப்.பிலிருந்துதான் அச்சடிக்க வேண்டும். புரூஃப் வியாழன் மதியத்துக்குள் கிடைத்தால் ஏழாம் பீரியடில் உட்கார்ந்து பார்த்துவிடுவேன்.]