நடுவர் தீர்ப்புக் குறிப்பு: கோயம்புத்தூர் கிடங்குக் கட்டுமானத் தகராறு

ஒப்பந்தக்காரர் (நம் கட்சிக்காரர்) கேட்டது 70 லட்சம்: இறுதி பில் பாக்கி 42, ஆட்களும் இயந்திரங்களும் சும்மா கிடந்ததற்கு 18, காப்புத்தொகை 10. உரிமையாளரின் எதிர்க்கோரிக்கை 21 லட்சம்: தாமத அபராதம் 15, கூரை ஒழுகல் 6.

முடிச்சு தாமதத்தில்தான். வரைபடங்களை உரிமையாளரே நான்கு மாதம் பிந்திக் கொடுத்தது அவருடைய கடிதங்களிலேயே தெரிகிறது, அபராதம் தள்ளுபடி. பில்லில், அளவுப் புத்தகத்தில் ஏறிய 36 லட்சம் மட்டும் அனுமதி. காப்புத்தொகை முழுதும் உண்டு. சும்மா கிடந்த கணக்குக்கு லாக் புத்தகம்கூட இல்லை, ஆகவே பூஜ்யம். (கட்சிக்காரரிடம் முன்பே கேட்டோம், தரவில்லை.) ஒழுகலுக்கு 4 லட்சம் கழிவு.

நிகரம் 42 லட்சம், தீர்ப்புத் தேதியிலிருந்து 9% வட்டி. நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் பிரிவு 31ஏ-யின்படி செலவுத்தொகை 3 லட்சமும் உரிமையாளர் தலையில். தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் பிரிவு 34 மனுவுக்கு, தீர்ப்பு கையில் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம்.