பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?

(பாபநாசம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கான படம். காத்திருப்பு அறை டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடும், சுமார் பத்து நிமிடம். நடிப்பவர்கள்: டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், மினி பஸ் ஓட்டும் முருகேசன், வயது 54, அவர் மனைவி வள்ளி.)

காட்சி 1

[காலை. புறநோயாளி பிரிவு. முருகேசன் வேகமாக உள்ளே வந்து ஸ்டூலில் உட்காருகிறார். கால் மேல் கால். சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டுகிறார்.]

முருகேசன்: சீக்கிரம் பாருங்க சிஸ்டர், பத்தரைக்கு வண்டி எடுக்கணும். எனக்கு ஒண்ணும் இல்ல, இவதான் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா.

வள்ளி: ஒரு மாசமா மாத்திரையே போடல சிஸ்டர். கேட்டா நார்மல் ஆயிடுச்சுன்றாரு.

[நர்ஸ் பட்டையைச் சுற்றுகிறார். முருகேசன் பேசிக்கொண்டே இருக்கிறார். மெஷின் திரையில் 178/104.]

நர்ஸ்: அண்ணே, இத கணக்குல எடுத்துக்க முடியாது. வர்ற வழியில டீ குடிச்சீங்களா?

முருகேசன்: இப்பதான். வாசல்ல.

நர்ஸ்: சரி, பாத்ரூம் போகணும்னா போயிட்டு வாங்க. டீ குடிச்சு அரை மணி நேரம் ஆகட்டும், அப்புறம் எடுக்கலாம். பஸ்ஸ விட உடம்பு முக்கியம்ணே.

காட்சி 2

[டாக்டர், கேமராவைப் பார்த்து. பின்னால் முருகேசன் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்.]

டாக்டர்: வணக்கம். பிரஷர் பார்ப்பதில் இவ்வளவு விஷயம் இருக்கிறதா என்று தோன்றலாம். இருக்கிறது. டீ, காபி குடித்தோ, பீடி சிகரெட் பிடித்தோ அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. நாற்காலியில் முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், பேச்சு கிடையாது, போனும் கிடையாது.

[குளோசப்: நர்ஸ் முருகேசனின் சட்டைக் கையை முழுவதும் கழற்றச் சொல்லி, வெறும் கையில் பட்டையைச் சுற்றுகிறார். முழங்கை மடிப்புக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி. கை மேசையின் மேல், நெஞ்சு உயரத்தில்.]

டாக்டர்: பட்டை சட்டையின் மேல் சுற்றப்படக் கூடாது. கை பருமனாக இருப்பவர்களுக்குப் பெரிய பட்டை வேண்டும், சின்னப் பட்டையில் பார்த்தால் இருப்பதைவிடக் கூடுதலாகவே காட்டும், அதனால் "எனக்கு இந்தப் பட்டை சரியா இருக்கா?" என்று நீங்களே தாராளமாகக் கேளுங்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை எடுக்க வேண்டும். முதல் தடவை வருகிறவர்களுக்கு இரண்டு கையிலும் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையைத்தான் பிறகும் பார்ப்போம்.

[மெஷின் திரை: 162/98. ஒரு நிமிடம் கழித்து: 160/98.]

டாக்டர்: பாருங்கள், அவசரமாக எடுத்தபோது 178, முறையாக எடுத்தபோது 160. ஆனால் இதுவும் அதிகம்தான். மேலே இருக்கும் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது ரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம். கீழே இருப்பது, இதயம் தளர்ந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்ளும்போது இருக்கும் அழுத்தம். 120/80-க்குள் இருந்தால் நல்லது. இங்கே வேறு வேறு நாளில் பார்த்தும் மேலே 140 அல்லது கீழே 90, இரண்டில் ஏதாவது ஒன்று அந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ அது உயர் ரத்த அழுத்தம். வீட்டில் மெஷின் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கோடு 135/85. பிரஷர், பி.பி., ரத்தக் கொதிப்பு என்று எப்படிச் சொன்னாலும் பேசுவது இதைப் பற்றித்தான்.

காட்சி 3

[டாக்டர் அறை. முருகேசனும் வள்ளியும் எதிரே.]

டாக்டர்: மாத்திரைய ஏண்ணே நிறுத்துனீங்க?

முருகேசன்: போன தடவ 128-ன்னு சொன்னாங்க மேடம். சரியாயிடுச்சுன்னு நிறுத்திட்டேன். தலசுத்தல் இல்ல, பின்கழுத்து வலி இல்ல. பிரஷர் இருந்தா தெரியாதா?

டாக்டர்: தெரியாதுண்ணே. அதுதான் இதுல இருக்கிற ஆபத்தே. 128 வந்தது மாத்திர போட்டதனால. மாத்திரைய நிறுத்துனதும் பழைய இடத்துக்கே ஏறிடுச்சு, இப்பப் பாத்தீங்களே.

[டாக்டர், கேமராவைப் பார்த்து.]

டாக்டர்: இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தப் படத்தையே எடுக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாது. உலகம் முழுக்க இது இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, தமக்கு இருப்பதே தெரியாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கோபக்காரர்களுக்குத்தான் வரும், ஒல்லியாக இருந்தால் வராது, கழுத்து வலித்தால்தான் பிரஷர் என்பதெல்லாம் உண்மையில்லை. சாந்தமான, ஒல்லியான, நன்றாக நடமாடுகிற மனிதருக்கும் 170 இருக்கும், சத்தமே இல்லாமல் பல வருடம் இருக்கும்.

[அனிமேஷன்: ரத்தக் குழாயின் உள்சுவர் தடித்துக் குறுகுகிறது. மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

டாக்டர் (குரல்): வயலுக்குப் போகிற ரப்பர் குழாயில் எந்நேரமும் அளவுக்கு மீறிய வேகத்தில் தண்ணீர் போனால் குழாய் நைந்துபோகும் இல்லையா, அப்படித்தான் ரத்தக் குழாயின் உள்சுவரும் சேதமாகிறது. மூளையில் அடைத்தால் அல்லது வெடித்தால் பக்கவாதம். இதயத்தில் மாரடைப்பு, அல்லது வருடக் கணக்காக அழுத்தத்தை எதிர்த்து வேலை செய்து இதயத் தசை தடித்துத் தளர்ந்துபோவது. சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழந்தால் டயாலிசிஸ் வரைக்கும் போகும். கண்ணில் விழித்திரை. சர்க்கரையும் சேர்ந்து இருந்தால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் வரும்.

காட்சி 4

[டாக்டர் அறை, தொடர்ச்சி.]

வள்ளி: ஒரு தடவ மாத்திர ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் போடணுமாமே மேடம்? கிட்னி போயிடும்னு சொல்றாங்க.

டாக்டர்: கிட்னிய கெடுக்கிறது கட்டுப்படாத பிரஷர்தான்கா. நாங்க குடுக்கிற மாத்திர கிட்னியக் காப்பாத்தத்தான். ஆமா, நிறையப் பேருக்கு ரொம்ப வருஷத்துக்கு, சில பேருக்குக் கடைசி வரைக்கும் தேவப்படும். எடை குறஞ்சு, உப்பு குறஞ்சு, பிரஷர் நல்லா அடங்கிச்சுன்னா அளவக் குறைக்கிறத நாங்களே பாத்துச் சொல்லுவோம். நீங்களா நிறுத்த வேண்டாம். (முருகேசனிடம்) அம்லோடிபின் போட்டப்ப ஏதாவது தொந்தரவு இருந்துச்சாண்ணே?

முருகேசன்: கணுக்கால்ல கொஞ்சம் வீங்குச்சு மேடம். அதனாலயும்தான்...

டாக்டர்: இதச் சொல்லியிருந்தா அப்பவே மாத்திக் குடுத்திருப்பேனே. அந்த மாத்திரையில சில பேருக்கு அப்படி வரும். எனலாப்ரில்ல சில பேருக்கு வறட்டு இருமல் வரும். ஒண்ணு ஒத்துக்கலைன்னா வேற இருக்கு. சரி, முழங்கால் வலிக்கு மெடிக்கல்ல ஏதாவது வாங்கிப் போடுறீங்களா?

[முருகேசன் வள்ளியைப் பார்க்கிறார்.]

வள்ளி: தினம் ரெண்டு போடுறாரு மேடம்.

[முருகேசன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைக்கிறார். குளோசப்: அட்டையில் டைக்ளோஃபெனாக்.]

டாக்டர்: இது பிரஷர ஏத்தும், கிட்னியையும் பாதிக்கும். கிட்னி போயிடும்னு பயந்து எத நிறுத்துனீங்க, எதத் தினமும் போடுறீங்க பாருங்கண்ணே. முழங்காலுக்கு நான் பாத்துத் தரேன், இத விட்டுடுங்க.

[டாக்டர், கேமராவைப் பார்த்து.]

டாக்டர்: மாத்திரை போட மறந்துவிட்டால், அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போடுங்கள். மறுநாள் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை உங்களுக்கு ஆகாது. குறிப்பாகப் பெண்கள் கவனியுங்கள்: டெல்மிசார்டான், எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடாது, குழந்தைக்குத் திட்டமிடும்போதே எங்களிடம் சொல்லிவிட்டால் வேறு மாத்திரைக்கு மாற்றிவிடுவோம். ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவர்களுக்கு 140/90 வந்தாலோ, கடுமையான தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி இருந்தாலோ அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, உடனே வர வேண்டும்.

காட்சி 5

[முருகேசன் வீட்டு அடுப்படி. வள்ளி உப்பு ஜாடியைத் திறக்கிறார். நர்ஸ் பக்கத்தில்.]

நர்ஸ்: உப்புப் பாக்கெட் ஒரு கிலோ எத்தன நாளைக்கு வருதுக்கா?

வள்ளி: ஒரு மாசம் வரும். நாலு பேரு.

[திரையில் எழுத்து: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். 5 கிராம் × 4 பேர் × 30 நாள் = 600 கிராம்.]

நர்ஸ்: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு கிராம், தட்டிவிட்ட ஒரு டீஸ்பூன், அதுக்குள்ளதான் இருக்கணும்கா. அப்ப உங்க வீட்டுக்கு மாசத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ தீந்துபோகுதுன்னா ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல. இதுல அப்பளம், ஊறுகா, கருவாடு, கடையில வாங்குற மிக்சர், பஜ்ஜி, பிஸ்கட்ல இருக்கிற உப்பு சேரவே இல்ல.

வள்ளி: கல்லுப்புதான் போடுறேன் சிஸ்டர். இந்துப்பு நல்லதுங்கிறாங்களே, மாத்திடவா?

நர்ஸ்: எல்லாம் சோடியம்தான்கா, பேருதான் வேற. குறைக்கிறதுதான் வழி. ஒரே நாள்ல குறைச்சா அண்ணே சாப்பாட்ட ஒதுக்கிடுவாரு, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க, நாக்கு பழகிடும். எலுமிச்சம்பழம், மிளகு, கொத்தமல்லி கூடப் போடுங்க. சாப்பாட்டு மேசையில உப்பு டப்பா வேண்டாம். மோர்ல உப்பு வேண்டாம்.

டாக்டர் (குரல்): சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், டெல்மிசார்டான், எனலாப்ரில் சாப்பிடுபவர்களும் எங்களைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம். பூண்டு, முருங்கைக் கீரை தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல. நடை வாரத்துக்கு 150 நிமிடமாவது, கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில். புகையிலை எந்த வடிவத்திலும் வேண்டாம், சாராயமும் பிரஷரை ஏற்றும்.

காட்சி 6

[டாக்டர், கேமராவைப் பார்த்து. மெதுவாகப் பேசவும்.]

டாக்டர்: வீட்டில் பார்க்கும்போது 180/120-க்கு மேல் வந்தால் முதலில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், கை கால் மரத்துப்போவது, குழறல் ஏதாவது ஒன்று கூட இருந்தால் உடனே 108. ஒரு தொந்தரவும் இல்லையென்றாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து வேகமாக இறக்குவது ஆபத்து.

[ஒரு முகம், ஒரு பக்க வாய் கோணியபடி. அடுத்து, இரு கைகளையும் நீட்டும்போது ஒரு கை தானாக இறங்குகிறது.]

டாக்டர் (குரல்): வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், புரை ஏறும். அறிகுறி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும்.

காட்சி 7

[மருந்தகச் சன்னல். நர்ஸ் மாத்திரைகளை உறையில் போட்டுக் கொடுக்கிறார்.]

நர்ஸ்: புது மாத்திரண்ணே, காலையில ஒண்ணு. ஒரு மாசத்துக்கு இருக்கு, காசு கிடையாது. ரெண்டு வாரத்துல ரத்தப் பரிசோதனைக்கும் பிரஷர் பாக்கவும் ஒரு நட வாங்க.

முருகேசன்: திங்கக்கிழம டூட்டி மாறுது சிஸ்டர், வர முடியலைன்னா?

நர்ஸ்: மக்களைத் தேடி மருத்துவத்துல தன்னார்வலர் அக்கா உங்க தெருவுக்கு வர்றாங்கள்ல, அவங்க வீட்டுலயே பிரஷர் பாப்பாங்க, மாச மாத்திரையும் கொண்டு வந்து குடுப்பாங்க. பேரு எழுதி வைக்கிறேன். ஆனா ரெண்டு வாரத்து ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் இங்க வந்துடணும்.

[முருகேசன் உறையை வாங்கி வள்ளியிடம் நீட்டுகிறார். வள்ளி வாங்கவில்லை.]

வள்ளி: உங்க பையிலயே வைங்க. வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி நீங்கதான் போடணும்.

[திரையில் எழுத்து: 30 வயதைத் தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தம் பாருங்கள். இங்கே இலவசம்.]